முட்டிவலி விளம்பரத்தில் வரும் டாக்டர் யார்?

பதினோரு வருடம் விளம்பர வடிவமைப்பில் இருந்தேன். யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கட்டும் என்று முன்கூட்டியே எடுத்து விற்கும் ஸ்டாக் போட்டோ வாங்கி அதில் எழுத்து ஏற்றுவதுதான் பாதி நாள் வேலை. அதனால் இந்த முகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஓரளவு தெரியும். கேளுங்கள்.

செல்வி: முட்டிவலி மாத்திரை விளம்பரத்தில் நரைத்த தலையோடு ஒரு டாக்டர் சிரிக்கிறார். அதே ஆள் இன்னொரு தளத்தில் வேறு பெயரில் முடி எண்ணெய் சிபாரிசு செய்கிறார். அப்பா ஏற்கெனவே மூன்று பாட்டில் ஆர்டர் செய்துவிட்டார். எந்தப் பெயர் உண்மை?

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தை நானே தேடிப் பார்த்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் படத்தின் மேல் இருந்த எழுத்தையும் முத்திரையையும் வெட்டிவிட்டு முகமும் கோட்டும் மட்டும் வைத்துக்கொண்டேன். எழுத்தோடு தேடினால் அதே விளம்பரம்தான் திரும்பத் திரும்ப வரும். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டதும் வெள்ளைக் கோட்டு போட்ட நரைத்த ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லென்ஸ் அதே படத்தையும் காட்டும், ஏறக்குறைய அப்படி இருக்கும் படத்தையும் காட்டும். அதே சட்டை மடிப்பு, அதே நிழல், அதே விரல் நிலை இருந்தால்தான் அதே படம்.

அடுத்து டின்ஐ என்ற படத்தேடல் தளம். இது ஒத்த படத்தைத் தேடாது, அதே படத்தின் பிரதிகளை மட்டும் தேடும். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன். மேல் பை அவருடைய வலது மார்பில் இருந்தது. வழக்கமாக இடது பக்கம்தான் இருக்கும். அதாவது, படத்தை யாரோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். தேடலில் சிக்காமல் இருக்கவும் செய்வார்கள், விளம்பரத்தில் முகம் எழுத்தைப் பார்க்கட்டும் என்றும் செய்வார்கள். நானும் இரண்டாவது காரணத்துக்காக எத்தனையோ முறை செய்திருக்கிறேன். போனில் இருக்கும் படத்தொகுப்பானில் திருப்பி மறுபடி தேடினேன். வந்துவிட்டது.

முடிவுகளை `Biggest image` என்று வரிசைப்படுத்தினால் பல நேரம் ஸ்டாக் தளமே மேலே வரும், பெரிய அளவுப் படம் அவர்களிடம்தானே இருக்கும். `Oldest` என்பதும் உதவும். ஆனால் அது டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்ட தேதி, படம் எடுத்த தேதி அல்ல. உங்கள் டாக்டர் ஸ்டாக் பக்கத்தில் வெறுமனே 'சிரிக்கும் முதியவர்'. அதே தொகுப்பில் அவரே சமையல்காரர் தொப்பியோடும், டை கட்டியும், கையில் ஸ்பேனரோடும் நிற்கிறார். ஒரே நாள் படப்பிடிப்பில் நாலைந்து உடை மாற்றி எடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அவர் மேல் தப்பில்லை. அவர் டாக்டர் என்று எங்கேயும் சொல்லவில்லை. பெயரும் பட்டமும் விளம்பரம் செய்தவர் ஒட்டியது.

ரவி: மாடல் கையெழுத்து போட்டுப் பணம் வாங்கிவிட்டார். படத்தை வாங்கியவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே? சட்டப்படி இதில் தப்பு எங்கே?

பாதி சரி. மாடல் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுகிறார். படம் 'ராயல்டி ஃப்ரீ' முறையில் விற்கப்படுகிறது. ஒருமுறை காசு கட்டியவர் பல இடத்தில் பயன்படுத்தலாம், அதே படத்தை ஆயிரம் பேரும் வாங்கலாம். யார் வாங்கினார்கள் என்பது மாடலுக்குத் தெரியாது, பெரும்பாலும் போட்டோகிராபருக்கும் தெரியாது. ஒரே முகம் பத்துப் பொருளுக்கு வருவது இதனால்தான்.

மீதிப் பாதி வாங்குபவரின் லைசென்ஸில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் அந்தப் பொருளைத் தானே பயன்படுத்துகிறார், சிபாரிசு செய்கிறார் என்று தோன்றும்படி போடக்கூடாது என்று பெரிய ஸ்டாக் தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. நோய், மனநலம் போன்ற விஷயங்களில் போட்டால் 'படத்தில் இருப்பவர் மாடல்' என்று குறிப்பிட வேண்டும் என்றும் கேட்கின்றன. அதைப் படித்துவிட்டுப் படம் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. இலவசமாகப் படம் தரும் தளங்களில் சில, மாடலின் சம்மதம் இருக்கிறது என்றுகூட உத்தரவாதம் தருவதில்லை.

ஃபாத்திமா: எனக்கே நடந்தது. போர்ட்ஃபோலியோ பழக வேண்டும் என்று ஒருவர் இலவசமாக எடுத்துத் தந்தார். இப்போது எடை குறைப்பு டீ விளம்பரத்தில் நான் 'இரண்டு குழந்தைகளுக்குத் தாய், 12 கிலோ குறைத்தேன்' என்று சொல்கிறேனாம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை!

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஷுப்னம் கானுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இலவசமாக நல்ல போட்டோ கிடைக்கும் என்று ஒரு படப்பிடிப்புக்குப் போய், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டார். பிறகு கனடாவில் குடியேற்ற விளம்பரம் ஒன்றில் அவர் முகத்தைத் தோழி பார்த்துவிட்டார். தேடத் தேட கம்பள விற்பனை, மலையேற்றப் பயணம் என்று எங்கெங்கோ வந்தது. 2018இல் அவரே ட்விட்டரில் எழுதினார்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். ஏதாவது தாளிலோ போனிலோ கையெழுத்து போட்டீர்களா? போடவில்லை என்றால் விற்றதே தவறு. ஸ்டாக் தளத்தில் படத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போட்டிருந்தால் சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கஷ்டம். போட்டோகிராபர் படத்தை நீக்கினாலும் ஏற்கெனவே வாங்கியவர்கள் கையில் அது இருக்கும். ஆனால் உங்கள் வாயில் பொய் வாக்குமூலம் வைத்தது லைசென்ஸ் மீறல்தான். விளம்பரத்தின் முகவரி, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஸ்டாக் பக்கத்தின் எண் மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்துக்கு எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள், புகார் போனதும் பக்கம் மறைந்துவிடும். நஷ்டஈடு கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெகன்: நானும் நன்றாகப் படம் எடுப்பேன். விற்க எந்தத் தளம் நல்லது?

கேள்வி தடம் மாறிவிட்டது தம்பி, இன்னொரு நாள் பேசுவோம். முகம் தெரியும் படம் என்றால் சம்மதப் படிவம் இல்லாமல் விற்கப் போகாதீர்கள், மேலே ஃபாத்திமா சொன்னதைப் படியுங்கள்.

கார்த்திகா: நான் இணையதளம் கட்டுபவள். எல்லாமே திட்டமிட்ட ஏமாற்று இல்லை சார். விலைக்கு வாங்கும் வார்ப்புருக்களில் 'வாடிக்கையாளர் கருத்து' என்று மூன்று வட்ட முகமும் பெயரும் மாதிரிக்காக வரும். முதலாளி கருத்து அனுப்பவே மாட்டார், அது அப்படியே நேரலைக்குப் போய்விடும். படத்தைப் புதிய தாவலில் திறந்து கோப்பின் பெயரைப் பார்த்தாலே போதும், `shutterstock_` அல்லது `AdobeStock_` என்று தொடங்கி ஒரு நீள எண் இருக்கும்.

உண்மை, நான் விட்டுவிட்டேன். கோப்பின் பெயரை மாற்ற மறந்தவர்கள் ஏராளம். படத்துக்குள்ளேயே உரிமையாளர் பெயர் ஒளிந்திருப்பதும் உண்டு, exiftool என்ற நிரலைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இப்படிப் பார்க்கலாம்:

```
exiftool -By-line -Credit -CopyrightNotice photo.jpg
```

வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இது பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆனால் மறதியில் விட்டுப்போனதை மன்னிப்பதில் உங்களோடு நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. படிப்பவருக்கு அது மறதி என்று எப்படித் தெரியும்?

முருகேசன்: நான் எல்லாத் தேடலும் போட்டுவிட்டேன், எதுவும் வரவில்லை. அப்போது அந்த டாக்டர் அசல்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தப் படம் தேடுபொறியின் கண்ணில் படாமல் இருக்கலாம், ஆளே இல்லாமல் கணினி உருவாக்கிய முகமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: வேறு ஊர் ஆஸ்பத்திரித் தளத்திலிருந்து ஓர் உண்மையான டாக்டரின் படத்தையே எடுத்துப் போடுவார்கள். அங்கே முகம் அசல் டாக்டர், சிபாரிசு பொய். படத்தேடல் படம் வேறு எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.

செல்வி: விற்பவர்களுக்கு போன் செய்தேன். 'டாக்டர் உண்மை, கூச்சப்படுகிறார், அதனால் மாதிரிப் படம் போட்டோம்' என்கிறார்கள். பதிவு எண் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

அப்படியும் இருக்கலாம், அதை இங்கிருந்து நான் மறுக்க முடியாது. எண் வந்தால் மருத்துவக் கவுன்சில் பட்டியலில் எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். பெயரைப் போட்டால் அதே பெயரில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு டாக்டர் கிடைத்துவிடுவார்.