திருப்பி வைக்காமல் எடுத்த சீட்டுகளின் கூட்டுத்தொகை: 19.8 ஏன் வருகிறது?

"1 முதல் 10 வரை எண்ணிட்ட சீட்டுகளில் 4 சீட்டுகளைத் திருப்பி வைக்காமல் எடுக்கிறேன். கூட்டுத்தொகையின் பரவற்படி சூத்திரத்தில் 19.8 வருகிறது, கணினியில் லட்சம் முறை எடுத்துப் பார்த்தால் 22-ஐ ஒட்டியே நிற்கிறது. எங்கே பிழை?"

சரியான விடை 22. மொத்தச் சீட்டுகள் N, எடுத்தவை n எனில், பெரும்பாலும் நீங்கள் N-ஆல் வகுத்த பரவற்படியான 8.25-ஐ எடுத்துக்கொண்டு, N−1-ஆல் வகுத்ததற்கு உரிய திருத்தக் காரணியான 1 − n/N-ஐ அதனுடன் பெருக்கியிருக்கிறீர்கள்: 4 × 8.25 × 0.6 = 19.8. ஒவ்வொன்றும் தன் இணையோடு சேர்ந்தால்தான் கணக்குப் பொருந்தும்.

```
4 × 8.25  × (10−4)/(10−1) = 22
4 × 82.5/9 × (1 − 4/10)   = 22
```

காரணம் இதுதான்: ஒரு பெரிய எண் வெளியே வந்துவிட்டால் எஞ்சியவற்றின் சராசரி குறைவதால், எந்த இரு சீட்டுகளுக்கும் இடையே −8.25/9 என்ற எதிர்மறை உடன் மாறுபாடு உண்டு. நான்கு சீட்டுகளில் வரிசையோடு எண்ணினால் 12 இணைகள் இருப்பதால், 4 × 8.25 = 33-இலிருந்து 11 கழிகிறது.

சோதிக்க n = 1 என இடுங்கள்; விடை 8.25 வர வேண்டும், உங்கள் சூத்திரமோ 7.425 தரும். n = 10 என்று சோதிப்பது பயன்படாது, ஏனெனில் தவறான சூத்திரமும் அங்கே பூச்சியத்தையே தந்து ஏமாற்றிவிடும்.

ஓர் எச்சரிக்கை: `np.var` இயல்பாக N-ஆல் வகுக்கும், ஆனால் R-இன் `var` N−1-ஆல் வகுக்கும். மேலும், எல்லாச் சீட்டுகளுக்கும் சம வாய்ப்பு இல்லையென்றால் இவ்விரு காரணிகளுமே பொருந்தா.