கொல்லிமலை இறக்கமும் மூன்று செட் பிரேக் பேடும்

கேள்வி: "காருக்கு முன் பிரேக் பேட் மாத்தணும். ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக்னு மூணு விலை சொல்றாங்க. சத்தம், தூசி இல்லாம நல்லா பிடிக்க எதைப் போடலாம்?"

ஊருக்குள் ஓட்டுகிறவர், வீல் கறுத்துப் போவதற்கு வீட்டில் பேச்சு வாங்குகிறவர் என்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஒரே காரில் மூன்றையும் போட்டுப் பார்த்தவன், அவ்வளவுதான்.

கார் வாங்கும்போது இருந்தது ஆர்கானிக். நார், ரப்பர், கிராஃபைட் எல்லாவற்றையும் பிசினில் குழைத்து அழுத்திச் சுட்ட பேட். காலையில் முதல் மிதிக்கே பிடிக்கும், சத்தம் கிடையாது, டிஸ்க்கையும் தின்னாது. சீக்கிரம் தேயும் என்பதைத் தவிர அதில் குறை கண்டதில்லை, கொல்லிமலை போகும் வரை.

சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய பலாப்பழம். நான் மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். பாதி வளைவு தாண்டியதும் ரப்பர் செருப்பு கருகுகிற வாடை. பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் ஓரமாக ஒண்டி நிறுத்தினேன்.

"தண்ணியை ஊத்துங்க மாப்ளே" என்று மாமா பாட்டிலோடு இறங்கிவிட்டார். விடவில்லை. கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளையலாம், விரிசல் விடவும் செய்யலாம். முக்கால் மணி நேரம் பலாச்சுளை தின்றுகொண்டு காத்திருந்தோம்.

நடந்தது இதுதான். சூடு எல்லை மீறியதும் பேடில் உள்ள பிசின் கருகி ஆவி விடுகிறது. அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்து வழுக்குகிறது. பெடல் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேட்தான் காரணம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பேடை மாற்றிப் பயனில்லை. ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

பயத்தில் செமி மெட்டாலிக் போட்டேன். எஃகு நாரும் இரும்புத் தூளும் நிறையச் சேர்ந்தது. சூட்டுக்கு அசராது, மலைக்கு நல்லது. ஆனால் விடிகாலை முதல் இரண்டு மிதிக்குப் பிடிப்பு மந்தம், டிஸ்க்கும் சீக்கிரம் தேய்கிறது. தெருமுனையில் திரும்பும்போதே கீச்சென்று கத்தும், நான் வருவது வீட்டுக்குத் தெரிந்துவிடும். வீலில் படிகிற கறுப்புத் தூள் பேடின் இரும்பும் டிஸ்க்கின் இரும்பும்தான். சூடாக ஒட்டி, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, பழுப்புப் புள்ளியாக நின்றுவிடும். எங்கள் தெருவில் 300 மீட்டருக்குள் ஐந்து வேகத்தடை, ஒன்றுக்கும் வெள்ளைக்கோடு கிடையாது, வீட்டுக்கு ஒன்று அவரவர் போட்டது. பேட் பாதி தேய்ந்தது அங்கேதான். யாரிடம் சொல்வது?

சத்தத்துக்குப் பேடை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பிறகு இன்னொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: பேடின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடே இல்லை. முதலில் மாற்றியவர் பழைய பேடோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

இப்போது இரண்டு வருடமாகச் செராமிக். விலை எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. தூசி இல்லாமல் இல்லை, வெளிர் நிறமாக இருப்பதாலும் ஒட்டாததாலும் கண்ணில் படுவதில்லை. சத்தம் கேட்கவில்லை. பிடிப்பு சீராக இருக்கிறது, ஆனால் செமி மெட்டாலிக் மாதிரி வெடுக்கென்று கடிக்காது. இதை வைத்துக் கொல்லிமலை இரண்டு முறை இறங்கினேன், வாடை வரவில்லை. "இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் ஆர்கானிக்கே தாங்கியிருக்கும்" என்று கமெண்டில் சொல்லப் போகிறீர்கள். இருக்கலாம். இப்போது நான் இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன்.

உங்களுக்கு என் பதில்: ஊருக்குள் மட்டும் என்றால், காசு இருந்தால் செராமிக், இல்லையென்றால் நல்ல ஆர்கானிக். பாரம் ஏற்றி அடிக்கடி மலை இறங்குகிறவர் என்றால் கீச்சைப் பொறுத்துக்கொண்டு செமி மெட்டாலிக். எதைப் போட்டாலும் முதல் நாள் காலியான பைபாஸில் 50 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், நடுவில் அரை நிமிடம் ஆறவிட்டுப் பத்து முறை. முழுதாக நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்கக் கூடாது, சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் பெடல் அதிரும். ஷிம் தகடு திரும்ப மாட்டப்படுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள், நான் போனேன்.