மதியம் இரண்டு மணிக்கு 2பி பார்க்கலாமா?

"ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். காலையில் வாட்ஸ்அப், மெயில், பில் என்ட்ரி எல்லாம் முடித்துவிட்டு, மதியம்தான் சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி 2பி-யையும் எங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்க்க உட்காருகிறேன். கண் சொக்குகிறது, தப்பு விழுகிறது. சாப்பாட்டைக் குறைத்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?"

சாப்பாட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை விழிப்பு சற்றுத் தணிவது உடலின் உள் கடிகாரத்தோடு சேர்ந்த விஷயம். மதியம் சாப்பிடாதவர்களுக்கும் அது வரும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தும், அவ்வளவுதான். ஆக, மாற்ற வேண்டியது வேலையின் நேரத்தை.

முதலில் உங்கள் நல்ல நேரம் எது என்று பாருங்கள். ஐந்து வேலை நாட்களுக்கு, காலை 10, 12, மதியம் 2, மாலை 4, 6 மணிக்கு, தலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஐந்துக்கு ஒரு மதிப்பெண் எழுதுங்கள். டீ குடிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். குடித்த பிறகு எழுதினால் அது டீக்குப் போட்ட மதிப்பெண். இரவு சரியாகத் தூங்காத நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலருக்கு 10 முதல் 12 வரை மேலே நிற்கும். இரவு வெகுநேரம் விழித்திருந்து தாமதமாக எழுபவர்களுக்கு மாலை நான்குக்கு மேல்தான் சூடு பிடிக்கும். எல்லா நேரமும் இரண்டு, மூன்று என்றே வந்தால் அட்டவணை உதவாது, தூக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காலைதான் உங்கள் நேரம் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் அரை மணி நேரம் மெசேஜ். 10 முதல் 12 வரை 2பி மட்டும். சப்ளையர் பில் நம்பரை "0047" என்று போட்டதை நீங்கள் "47" என்று ஏற்றியிருப்பீர்கள். போன மாத பில் இந்த மாதம் வந்திருக்கும். கிரெடிட் நோட் ஒன்று குறுக்கே நிற்கும். இவற்றை ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளத் தெளிந்த தலை வேண்டும். விடுபட்ட பில்லுக்கு பார்ட்டிக்குப் போன் போடுவது, பிரிண்ட், ஃபைலிங், பில் என்ட்ரி எல்லாம் மதியத்துக்கு.

என்ட்ரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சொக்கும் நேரத்தில் 5,490 என்பது 5,940 ஆகிவிடும். இருபது பில்லுக்கு ஒருமுறை கையால் கூட்டிய தொகையோடு சரிபாருங்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் (இங்கே 450) பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்.

தினமும் காலையைக் காப்பாற்ற ஆபீஸ் விடாது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 2பி 14-ஆம் தேதி வரும், மாத வரிக் கணக்கான 3பி-க்குக் கெடு 20. அந்த நடுவிலுள்ள ஐந்தாறு நாள் காலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். தப்பு குறைந்தால் முதலாளியும் மறுக்க மாட்டார்.