தேதி முடியாத பாக்கெட்டில் பூஞ்சை: கடை மேலாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்ல வாங்கின பாக்கெட் கேக்ல பூஞ்சை. தேதி முடிய இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. கடை மேனேஜருக்குப் புகார் கடிதம் எப்படி எழுதுறது?

போன செப்டம்பரில் எனக்கும் இதே அனுபவம். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பிள்ளையின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்காக ஒரே மாதிரி பழக்கேக் பாக்கெட் இரண்டு வாங்கினேன். உற்பத்தி ஆகஸ்ட் 3, பயன்படுத்தக் கடைசித் தேதி அக்டோபர் 31. செப்டம்பர் 14 வாங்கி, 16 காலையில் ஒன்றைப் பிரித்தேன். ஓரத் துண்டின் அடிப்பக்கம் பச்சையும் சாம்பலுமாகப் பொடி பூத்திருந்தது, ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை இழை. நல்லவேளை, பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் பார்த்துவிட்டேன்.

கோபத்தில் பாக்கெட்டோடு கடைக்கு ஓடினேன். மேனேஜர் பார்த்தார். "தேதி இன்னும் இருக்கே மேடம், வீட்ல ஈரத்துல வெச்சிருப்பீங்க. சரி விடுங்க, வேற மாத்தித் தர்றேன்" என்று பாக்கெட்டுக்குக் கை நீட்டினார். அங்கேதான் நிதானித்தேன். அதைக் கொடுத்திருந்தால் என் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். அவர் சொன்ன இரண்டு வார்த்தைக்கும் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் வார்த்தை, "தேதி இருக்கே". கேக்கில் ஈரப்பசை உண்டு. சர்க்கரையும் பதப்படுத்தும் பொருளும் காற்று புகாத உறையும் சேர்ந்துதான் அதை மூன்று மாதம் காப்பாற்றுகின்றன. உறையில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் போதும், அச்சடித்த தேதிக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். ஆகவே தேதியைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை, சீலைப் பாருங்கள். பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது பாக்கெட்டை மெல்ல அமுக்கினேன். ஒரு மூலையில் உஸ்ஸென்று காற்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சீல் போட்ட வரிகளுக்கு நடுவில் ஒரு கேக் துணுக்கு சிக்கி, அந்த இடம் மட்டும் சரியாக ஒட்டாமல் மடிந்திருந்தது. இது தயாரித்த இடத்துக் கோளாறு. சீல் நன்றாக இருந்து உறையின் நடுவில் கீறலோ எலி கடித்த ஓட்டையோ இருந்தால், கடை கிடங்கிலோ வரும் வழியிலோ நடந்திருக்கலாம். எது என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதினால் போதும்.

இரண்டாவது வார்த்தை, "வீட்ல ஈரத்துல வெச்சிருப்பீங்க". இதற்குப் பதில், எப்போது வாங்கினோம், எங்கே வைத்தோம், எப்போது பிரித்தோம் என்ற மூன்று வரி. கண்ணுக்குத் தெரிகிற அளவு பூஞ்சை வளரப் பொதுவாகச் சில நாட்கள் ஆகும். பிரித்த நிமிடத்திலேயே இருந்தது என்றால் மூடிய உறைக்குள்தான் வளர்ந்திருக்கிறது. பிரித்து நாலு நாள் டப்பாவில் வைத்திருந்து பிறகு பார்த்தவர்களால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நிலைமை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எழுத உட்காரும் முன் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண், தேதிகள், விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். உரிம எண்ணுக்கு 14 இலக்கம். சில பாக்கெட்டில் இரண்டு மூன்று எண் இருக்கும், பேட்ச் எண்ணின் முதல் எழுத்தை வைத்து எந்த ஆலை என்று பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பேட்ச் எண் மை, கை ஈரம் பட்டாலே அழிந்துவிடலாம். அதன் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடும். பில்லையும் உடனே போட்டோ எடுங்கள். அந்த வழவழப்புத் தாளை நம் ஊர் வெயிலில் வண்டி டிக்கியில் போட்டு வைத்தால் எழுத்து மறைந்துபோகும். பூஞ்சை பிடித்த துண்டை முகர்ந்து பார்க்க வேண்டாம். உறையோடு ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மேற்கொண்டு வளராது. சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவதும் கூடாது, கேக் போல மெத்தென்ற பண்டத்தில் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

நான் எழுதிய கடிதம் ஏறக்குறைய இதுதான்:

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 14 அன்று தங்கள் கடையில் பழக்கேக் பாக்கெட் இரண்டு வாங்கினேன் (பில் நகல் இணைப்பு). பேட்ச் எண், உரிம எண், உற்பத்தித் தேதி ஆகஸ்ட் 3, கடைசித் தேதி அக்டோபர் 31 ஆகியவை இணைத்துள்ள படத்தில் தெளிவாக உள்ளன. வாங்கியது முதல் சமையலறை அலமாரியில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்திருந்தேன். 16 காலை 7 மணிக்கு ஒரு பாக்கெட்டைப் பிரித்தவுடன் பூஞ்சையைக் கண்டேன். யாரும் சாப்பிடவில்லை. பிரிக்காத இரண்டாவது பாக்கெட்டின் சீலில் காற்று கசிகிறது.

தாங்கள் செய்ய வேண்டியவை: இதே பேட்ச் பாக்கெட்டுகளை இன்றே அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைக்கவும். விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எனக்குத் தரவும். இரண்டு பாக்கெட்டின் விலையைத் திருப்பித் தரவும். 7 நாளுக்குள் பதில் இல்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுவேன். பிரிக்காத பாக்கெட் என்னிடம் உள்ளது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் தந்தால் பிரித்ததை ஒப்படைக்கிறேன்."

இதில் எனக்கு மிக முக்கியம் பேட்ச்சை எடுக்கச் சொன்ன வரி. என் பணம் சொற்பம். அந்த அலமாரியில் மிச்சமிருப்பதை இன்னொரு வீட்டுப் பிள்ளை சாப்பிடப் போகிறது. "யாரும் சாப்பிடவில்லை" என்பதும் உண்மையாக இருந்ததால்தான் எழுதினேன். சாப்பிட்டு உடம்பு கெட்டிருந்தால் டாக்டர் சீட்டை இணைக்க வேண்டும், சீட்டில்லாமல் வயிற்றுவலி என்று எழுதினால் மற்ற வரிகளின் மதிப்பும் போய்விடும்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் கடை சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் அதே கடிதத்தைக் கொடுக்கலாம், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு: 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தபின் ஆற்காடு, வாலாஜா கடைகள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி கடைகள் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. உங்கள் வீடு வேலூரில் இருந்தாலும், கடை எந்த மாவட்டமோ அந்த அலுவலரிடம் கொடுங்கள்.

எனக்கு மூன்றாம் நாள் மேனேஜரே போன் செய்தார். அலமாரியிலும் கிடங்கிலுமாக அதே பேட்ச் 11 பாக்கெட் இருந்ததாம், அமுக்கிப் பார்த்ததில் நாலில் காற்று கசிந்ததாம். விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பிய சீட்டின் நகலை, நான் பணம் வாங்கப் போனபோது கையில் கொடுத்தார்.