பிரியாவிடை உரையில் 'வாத்தியார்' சரியா?

"ஹட்டனில் படிக்கிறேன். எங்கள் கணித சேரின் பிரியாவிடை உரையில் 'வாத்தியார்' என்று சொல்லலாமா, 'ஆசான்' என்று போடவா?"

தம்பி, 'வாத்தியார்' கெட்ட சொல் இல்லை. 'உபாத்தியாயர்' தேய்ந்து வந்ததுதான். ஆனால் தோட்ட லயத்தில் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் பேசும்போது சொல்லிச் சொல்லி இலேசாகிவிட்டது. மேடையில் சொன்னால் பின்வரிசை சிரிக்கும்.

உரை முழுக்க 'ஆசிரியர்' என்றே எழுதுங்கள். 'ஆசான்' உயர்ந்த சொல், ஒரே ஒரு தடவை, முடிவில் போதும். அதிலும் ஒரு சிக்கல்: '-ஆன்' விகுதி பார்த்து வினையும் 'விடைபெறுகிறான்' என்று வழுக்கிவிடும். "எங்கள் ஆசான் இன்று விடைபெறுகிறார்" என்று எழுதி, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

'குரு' வேண்டாம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பாதிரியார்தான் நினைவுக்கு வருவார். அப்புறம், அவரை நேரே பார்த்துப் பேசும் வரியில் "சேர்" என்றே கூப்பிடுங்கள்.