வாய் திறப்பதற்கு முன் எழுத வேண்டும்

கேள்வி: சட்டம் படிக்கும் நாங்கள் நாலு பேர் கற்பனை வழக்குகளை வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் படிக்கிறோம். பாதி நேரம் அரட்டையிலேயே போகிறது. எப்படிச் சரிசெய்வது?

அரட்டை என்று நீங்கள் சொல்வது வெறும் ஊர்க்கதையாக இருக்காது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அது வழக்கைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும், அதனால்தான் யாரும் நிறுத்த மாட்டார்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் ஒருவர் ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வழக்கைச் சொன்னார். கடிதம் வந்தபோது வாங்குபவர் வீட்டில் இருந்தாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. அதைப் பற்றியே நாற்பது நிமிடம் வாதாடினோம். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இல்லாத ஒரு தகவலுக்காகச் சண்டை போட்டோம். அதைவிட எனக்கு வலித்தது பின்னால் நடந்ததுதான். அதே வகைக் கேள்வி தேர்வில் வந்தபோது, முன்மொழிவைத் திரும்பப் பெற்ற பிரச்சினையை நான் எழுதவே இல்லை. குழுவில் எப்போதும் அதை இன்னொருவர் முதலில் சொல்லிவிடுவார், நான் தலையாட்டுவேன். தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரே ஒரு முறையைப் பிடித்துக்கொண்டோம். கேள்வி கொண்டுவருபவர் வழக்கை அரைப் பக்கத்துக்குள் எழுதி, விடையையும் தனித்தாளில் எழுதி மடித்து வைத்திருக்க வேண்டும். விடை எழுத உட்கார்ந்தால்தான் எந்தத் தகவல் விடுபட்டது என்று அவருக்கே தெரியும். மற்றவர்கள் மூன்று நிமிடம் படித்து, ஏழு நிமிடம் பேசாமல் எழுதுவோம். முழு விடை வேண்டாம், எழும் பிரச்சினைகளும் ஒவ்வொன்றுக்கும் ஒருவரி முடிவும் போதும். பிறகு சீட்டுக் குலுக்கி ஒருவர் ஐந்து நிமிடம் சொல்வார், யாரும் குறுக்கிடக் கூடாது. அதன்பின் தாளைத் திறந்து ஒப்பிடுவோம்.

நாங்கள் பயன்படுத்திய ஒன்றைச் சொல்கிறேன். காரை விற்பதாக ஒருவர் எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வாங்குபவருக்குக் கிடைக்கிறது. புதன் காலை, விற்பவர் மனம் மாறி, விற்கவில்லை என்று இன்னொரு கடிதம் அனுப்புகிறார். வியாழன் காலை வாங்குபவர் சம்மதக் கடிதத்தைத் தபாலில் போடுகிறார். அன்று மாலைதான் மறுப்புக் கடிதம் அவர் கைக்கு வருகிறது. சம்மதக் கடிதம் சனிக்கிழமை விற்பவரைச் சேர்கிறது. ஒப்பந்தம் உண்டா?

ஆங்கிலப் பொதுச் சட்டப்படி உண்டு. தபாலில் போட்ட கணமே ஏற்பு முழுமையாகிவிடும் என்பது 1818-இல் வந்த ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் தீர்ப்பு. ஆனால் திரும்பப் பெறுவது எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் செல்லும் என்று 1880-இல் பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கில் சொன்னார்கள். புதன்கிழமைக் கடிதம் வியாழன் மாலை வந்ததால் தாமதமாகிவிட்டது. இரண்டு பிரச்சினையையும் எழுதியவர்தான் தேறியவர். நான் தேர்வில் முதலாவதை மட்டும் எழுதினேன்.

ஒப்பிட்டதும் கேள்வியாளர் ஒரே ஒரு தகவலை மாற்றுவார். ‘உங்கள் சம்மதம் வெள்ளிக்குள் என் கையில் கிடைக்க வேண்டும்’ என்று முதல் கடிதத்திலேயே இருந்தால்? அப்போது தபால் விதி விலகிவிடும், சனிக்கிழமை வந்தது பயனில்லை. ஹோல்வெல் எதிர் ஹியூஸ், 1974, இதற்கு உதவும். ஒரே நேரத்தில் இரண்டு தகவலை மாற்றினால் எது விடையை மாற்றியது என்று தெரியாமல் மறுபடி வாதம் தொடங்கிவிடும்.

ஒத்துப்போகாத இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. ஒரு நோட்டில் குறித்து, சீட்டு விழுந்தவர் தீர்ப்பைப் படித்துவிட்டு அடுத்த முறை சொல்வார். கடிகாரம் வைத்துப் படிப்பது பள்ளிப் பிள்ளைகள் வேலை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். விவாதத்தால்தான் சட்டம் வளரும் என்பதை நானும் மறுக்கவில்லை, ஆனால் எழுதாமல் செய்யும் விவாதத்தில் யாருக்கு என்ன தெரியாது என்பது வெளியே வராது. ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்றால், அவர்கள் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுத்தாளைத் திருத்தி வெறும் மதிப்பெண்ணோடு திருப்பித் தருகிறார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கே தவறினேன் என்று ஓரத்தில் ஒருவரி எழுதியிருந்தால், திரும்பப் பெறுவதை விட்டுவிட்டேன் என்பதை நானே மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டாம். மடித்து வைத்த விடைத்தாள் முறையை எங்கள் குழுவில் நான் அவ்வளவு பிடிவாதமாகக் கொண்டுவந்தது அதனால்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் மூன்று வழக்குக்கு மேல் போகாதீர்கள். நான்காவதில் எல்லோரும் களைத்து, எழுதாமலே பேசத் தொடங்கிவிடுவார்கள்.