பழைய முதலாளிக்கு ஒப்பந்தக் கடிதம்: ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். கடைசியாக 30,000 ரூபாய் சம்பளம் வாங்கினேன். கல்யாணமாகிக் கீழக்கரைக்கு வந்த பிறகு தனியாக டிசைன் வேலை செய்கிறேன். பழைய முதலாளிக்கே பகுதி நேரமாகச் செய்து தரலாம் என்று கடிதம் எழுதப் போகிறேன். ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வெளியூர்க் கம்பெனிக்கு பில் போட முடியாது, 6,000 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று ராமநாதபுரத்தில் ஒருவர் சொல்கிறார். எடுத்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா? கடிதத்தில் என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். டிசைன் போன்ற சேவையை மட்டும் செய்பவருக்கு, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சிவகாசி மட்டுமல்ல, பெங்களூரில் இருக்கும் நிறுவனத்துக்குச் செய்து கொடுத்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். உங்கள் பெயர், முகவரி, பான் எண், தேதி, வரிசை எண், செய்த வேலை, தொகை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டால் அது முறையான பில். அதில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை; gst.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணத்தைவிடப் பெரிய தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. எண் வாங்கிவிட்டால், வேலையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வரவே இல்லாத கணக்குக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். அந்தத் தாக்கலுக்கும் தரகரிடமே போய் நிற்பீர்கள் என்பதுதான் அவருடைய வருமானம். இலவசமான ஒன்றை விலைக்கு விற்பவர்கள் அலுவலக வாசலிலும் இணையத்திலும் கடை விரித்திருக்க, எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பை ஊர்தோறும் ஒட்டுவதற்குத் துறைக்கு ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாக மனத்தில் வையுங்கள், ஏனெனில் உங்களைப் போன்ற டிசைனர்கள் இதில்தான் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். டிசைனோடு நிற்காமல், திருமண அழைப்பிதழையோ காலண்டரையோ நீங்களே அச்சடித்து வாங்கி வெளிமாநிலத்துக்கு விற்றால், அது சேவையன்று, பொருள் விற்பனை. பொதுவாக, மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்பவர் எவ்வளவு சிறிய தொகைக்கு விற்றாலும் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே பெங்களூரில் இருக்கும் உறவினர் 300 அழைப்பிதழ் கேட்டால், டிசைன் கட்டணத்தை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு, அச்சுச் செலவை அவரே நேராக அச்சகத்துக்குச் செலுத்தும்படி செய்யுங்கள். அச்சகத்தின் பில் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

இனி கடிதத்துக்கு வருவோம். நேரில் அவரை அண்ணாச்சி என்று அழைத்திருந்தாலும், கணக்குப் பிரிவும் படிக்கப் போகிற கடிதம் என்பதால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றே தொடங்குங்கள். ஊர் மாறிய கதையை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். முதலாளி தேடுவது இரண்டு விடைகளை: மாதம் எவ்வளவு செலவாகும், அவசரத்துக்குக் கிடைப்பீர்களா.

கட்டணத்தை இப்படிக் கணக்கிடலாம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். 30,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 150 ரூபாய். இந்தத் தொகையையே கேட்டால் நட்டப்படுவீர்கள். விடுமுறைச் சம்பளம், வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு, தீபாவளி போனஸ், கணினி, மென்பொருள் உரிமம், மின்சாரம் யாவும் முன்பு அவர் தலையில் இருந்தன, இப்போது உங்கள் தலையில் இருக்கின்றன. மணிக்கு 300 ரூபாய் நியாயமான தொகை. மாதம் 40 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய் என்று கேளுங்கள். மாதந்தோறும் 30,000 கொடுத்த இடத்தில் இது அவருக்கும் இலாபமே. ஆடிப்பெருக்கன்று புதிய ஆல்பம் வெளியாவதற்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் கூடுதல் மணி நேரம் தரத் தயார் என்பதையும், அதற்கும் இதே கட்டணம்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிடைப்பீர்களா என்ற ஐயத்துக்குப் பொதுவாக ‘எப்போதும் கிடைப்பேன்’ என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கீழக்கரையில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வரும் நாள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையம் அறுந்துபோவதும் உண்டு. அதை மறைக்காமல், மாற்று ஏற்பாட்டோடு சொல்லுங்கள். கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையலாம்:

“திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணி முதல் 12 மணி வரை உங்கள் வேலைக்கென்றே ஒதுக்கியிருப்பேன். மின்தடை அறிவிப்பு வந்தவுடன் தெரிவித்து, அன்றைய வேலையை முந்தைய மாலையே முடித்து அனுப்புவேன். ஒரு டிசைனுக்கு இரண்டு முறை திருத்தம் கட்டணத்தில் அடங்கும். நீங்கள் எழுத்து மூலம் ஒப்புதல் தந்த கோப்பு மட்டுமே பிளேட்டுக்குச் செல்ல வேண்டும்; அதன்பின் தெரியவரும் பிழையை இலவசமாகத் திருத்தித் தருவேன், அச்சுச் செலவுக்கு நான் பொறுப்பாக இயலாது. முழுத்தொகை பெற்ற டிசைன்களின் காப்புரிமையைக் காலவரம்பின்றி, எல்லா நாடுகளுக்கும் உங்கள் நிறுவனத்துக்கு எழுதித் தருவேன்.”

ஒப்புதல் பற்றிய வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஆயிரக்கணக்கில் அச்சான காலண்டரில் ஒரு விரதத் தேதி பிசகினால், காகிதச் செலவு முழுவதையும் உங்களிடம் கேட்பார்கள். ஊழியராக இருந்தபோது அந்த நட்டம் நிறுவனத்துடையது. காப்புரிமை வரியும் அப்படித்தான். பணியில் இருக்கும்போது வரைந்தது பொதுவாக முதலாளிக்கே உரியது. ஒப்பந்தக்காரர் வரைந்தது, எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வரை பெரும்பாலும் அவருக்கே உரியது. எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது.

பணம் வரும் நாளையும் கடிதத்திலேயே எழுதுங்கள்: மாத இறுதியில் பில், 15 நாளுக்குள் பணம். ஆண்டுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டும் என்பதால், 12,000 ரூபாயில் பத்து சதவீதமான 1,200 ரூபாயை வருமான வரிக்கெனப் பிடித்துக்கொண்டு 10,800 அனுப்புவார்கள். வரியே கட்ட வேண்டாத வருமானக்காரர் தம் பணத்தைத் திரும்பப் பெற, ஆண்டு முடிந்தபின் கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு அநியாயமானது. பிடித்தம் வேண்டாம் என்றோ குறைவாகப் பிடிக்கும்படியோ வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். எப்படியானாலும் ஆண்டுதோறும் தவறாமல் தாக்கல் செய்யுங்கள்.

கடிதம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய பதிவு ஒன்று உண்டு. அது சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் udyamregistration.gov.in தளத்தில் இலவசமாகச் செய்துவிடலாம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் பல இருப்பதால், முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே ஆதார் எண்ணைத் தட்டுங்கள். பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை அவர் நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2024 ஏப்ரல் முதல், கெடு தாண்டி மார்ச் 31 வரை கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர் வருமான வரிக் கணக்கில் காட்டவும் இயலாது. இதையெல்லாம் கடிதத்தில் எழுதி அவரை மிரட்ட வேண்டாம். உதயம் எண்ணைப் பெயருக்குக் கீழே குறிப்பிட்டால் அவருடைய ஆடிட்டர் புரிந்துகொள்வார். வேலை தொடங்கிய பிறகு பதிவு செய்தால், முந்தைய பில்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர் தொலைபேசியில் ‘சரிம்மா, ஆரம்பி’ என்று சொன்னால், அதே மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் தரும்படி கேளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு முதல் கோப்பை அனுப்புங்கள்.